ஒரு ரூபாய் ஏறியும் நட்டம்: சிறிய பங்குக் கணக்கைக் கரைக்கும் செலவுகள்

கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரு பங்கை 50 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 1,000 பங்கு. சில நாட்களில் விலை 51 ரூபாயாகிறது, விற்றுவிடுகிறீர்கள். எவ்வளவு இலாபம்? யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கணக்குத் திறந்தவர்களிடம் கேட்டால் பலரும் யோசிக்காமல் 1,000 ரூபாய் என்பார்கள். உண்மையில் இந்தக் கொடுக்கல் வாங்கலில் 131 ரூபாய் 20 சதம் நட்டம்.

கணக்கு எளிதானது. வாங்கும்போது 50,000 ரூபாயோடு 1.12 வீதக் கட்டணம், அதாவது 560 ரூபாய் சேர்கிறது. கையை விட்டுப் போவது 50,560. விற்கும்போது 51,000 ரூபாயில் அதே 1.12 வீதம் கழிகிறது, அது 571 ரூபாய் 20 சதம். கைக்கு வருவது 50,428 ரூபாய் 80 சதம். பங்கு இரண்டு வீதம் ஏறியது, நீங்கள் நினைத்ததும் சரியாக நடந்தது, ஆனாலும் பணம் குறைந்துவிட்டது. விலை 51.10 ஆனாலும் 32 ரூபாய் குறையும். 51.20 வந்தால்தான் 66 ரூபாய் மிஞ்சும்.

கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை இருக்கிறது. 2020 இல் சந்தையின் கைபேசிச் செயலி வந்தபிறகு, வாங்கும் பங்குகள் பதிவாகி நிற்கும் மத்திய வைப்புத் திட்டக் கணக்கை வீட்டில் இருந்தபடியே திறக்க முடிகிறது. நிலையான வைப்பு, நகை, சீட்டு என்று இருந்த சேமிப்பில் ஒரு பகுதி இப்போது இந்தப் பக்கமும் வருகிறது. இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் ரூபாய் கொண்ட இந்தக் கணக்குகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எந்தப் பங்கை வாங்கலாம் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. வாங்கி விற்பதற்கே எவ்வளவு போகிறது என்பதை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை, தவறான பங்கைத் தெரிவு செய்ததால் போகும் பணத்துக்குக் குறையாமல் இந்த வழியாலும் போகிறது.

அந்த 1.12 வீதத்துக்குள் ஐந்து பேருடைய பங்கு இருக்கிறது. தரகு நிறுவனத்துக்கு 0.64 வீதம், பங்குச் சந்தைக்கு 0.084, மத்திய வைப்புத் திட்டத்துக்கு 0.024, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 0.072, அரசாங்கத்துக்குப் பங்குப் பரிவர்த்தனை அறவீடாக 0.3 வீதம். நமது 50,000 ரூபாயில் தரகருக்கு 320 ரூபாயும் அரசாங்கத்துக்கு 150 ரூபாயும் போக, மீதி 90 ரூபாயை மற்ற மூன்றும் பிரித்துக்கொள்கின்றன. பத்துக் கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு இதுதான் அளவு. அதற்கு மேலே போனால் தரகு வீதத்தைப் பேசிக் குறைக்க இடமுண்டு, மற்றக் கட்டணங்களும் இறங்குகின்றன, மொத்தச் செலவு ஏறக்குறையப் பாதியாகலாம். சிறிய கணக்குக்கு அந்தக் கதவு திறக்காது.

வீதத்தை விட முக்கியமானது அது எதன் மேல் விழுகிறது என்பது. இலாபத்தின் மேல் விழவில்லை. நீங்கள் போட்ட முதலின் மேலும் ஆண்டுக்கு ஒருமுறை விழவில்லை. வாங்கிய தொகை முழுவதன் மேலும், விற்ற தொகை முழுவதன் மேலும், ஒவ்வொரு தடவையும் விழுகிறது. மரக்கறிச் சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ என்று கழிவு எடுக்கும் வழக்கத்தை எதிர்த்து எங்கள் தோட்டக்காரர்கள் எத்தனையோ வருடமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அங்கேயும் கழிவு மொத்த நிறையில்தான் போகிறது. அந்த முறை விளைச்சலில் தோட்டக்காரருக்கு இலாபமா நட்டமா என்று கழிவு எடுப்பவர் பார்ப்பதில்லை. பங்குக் கட்டணமும் அப்படியே. வித்தியாசம் என்னவென்றால் மரக்கறியை ஒருமுறைதான் விற்க முடியும். அதே இரண்டு இலட்சத்தை ஒரு வருடத்தில் பத்து, இருபது தடவை சந்தைக்குக் கொண்டுபோகலாம்.

கட்டணமாவது தரகர் அனுப்பும் ஒப்பந்தச் சீட்டில் அச்சாகி வருகிறது. அடுத்த செலவு எந்தச் சீட்டிலும் வராது. திரையில் பார்த்த விலைக்கும் உண்மையில் கிடைத்த விலைக்கும் இடையில் விழும் அந்த ஓட்டையைச் சந்தைக்காரர் ஸ்லிப்பேஜ் என்கிறார்கள். பெரிய பங்குகளை மட்டும் வாங்குபவருக்கு இது சின்ன விடயமாக இருக்கலாம். கொழும்புச் சந்தையில் நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகள் மட்டுமே கைமாறும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. சிறு முதலீட்டாளர் விரும்பித் தேடுவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். திருநெல்வேலியில் இருக்கும் ஓர் ஆசிரியர் ஒரு பங்கில் 5,000 வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாகக் கைமாறிய விலை 24.00 என்று திரை காட்டுகிறது. அவர் மனதில் விழும் கணக்கு 1,20,000 ரூபாய். எந்த விலையில் எத்தனை பங்குக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று காட்டும் ஓர்டர் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் விற்பவர் பக்கம் இப்படி இருக்கிறது: 24.00 இல் 1,500 பங்கு, 24.10 இல் 2,000, 24.30 இல் 1,000, 24.50 இல் 5,000. வாங்குபவர் பக்கம்: 23.80 இல் 800, 23.70 இல் 1,500, 23.50 இல் 3,000.

அவர் மார்க்கெட் ஓர்டர் போடுகிறார், அதாவது என்ன விலையானாலும் உடனே வாங்கு என்கிறார். 24.00 இல் இருந்த 1,500 பங்கு முதலில் தீர்கிறது. அடுத்து 24.10 இல் இருந்த 2,000, பிறகு 24.30 இல் இருந்த 1,000. கடைசி 500 பங்குக்கு 24.50 கொடுக்க வேண்டியதாகிறது. கூட்டினால் 1,20,750 ரூபாய், சராசரி 24.15. மனதில் நினைத்ததை விட 750 ரூபாய் அதிகம். இதில் யாரும் ஏமாற்றவில்லை, பிழையான விலையும் போடவில்லை. 24.00 என்ற விலையில் 1,500 பங்குதான் இருந்தது, அவருக்குத் தேவைப்பட்டது 5,000.

மறுநாள் அவருக்குக் காசு தேவைப்படுகிறது, அல்லது மனம் மாறுகிறது. ஓர்டர் புத்தகம் முதல் நாள் இருந்ததைப் போலவே இருக்கிறது, விலை ஏறவுமில்லை இறங்கவுமில்லை என்று வைப்போம். மறுபடி மார்க்கெட் ஓர்டரில் விற்கிறார். 800 பங்கு 23.80 இற்கும், 1,500 பங்கு 23.70 இற்கும், மீதி 2,700 பங்கு 23.50 இற்கும் போகின்றன. மொத்தம் 1,18,040. வாங்கியதற்கும் விற்றதற்கும் இடையில் 2,710 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. கட்டணங்களைக் கூட்டிப் பார்த்தால் வாங்கும்போது 1,352, விற்கும்போது 1,322, இரண்டும் சேர்ந்து 2,674 ரூபாய்ச் சொச்சம். சீட்டில் தெரிந்த செலவும் சீட்டில் தெரியாத செலவும் ஏறக்குறையச் சமம். நிறுவனத்துக்கு எதுவும் நடக்கவில்லை, சந்தையும் அசையவில்லை, ஆனால் ஆசிரியரின் பணத்தில் 5,384 ரூபாய் போய்விட்டது. அவர் பங்குக்குக் கொடுத்த தொகையில் இது நான்கரை வீதம்.

இதைத் தவிர்க்கும் முதல் வழி லிமிட் ஓர்டர். 24.00 இற்கு மேலே வேண்டாம் என்று போட்டால் 1,500 பங்கு உடனே கிடைக்கும், மீதி 3,500 வரிசையில் நிற்கும். யாராவது அந்த விலைக்கு இறங்கி வந்தால் கிடைக்கும். கட்டணம் வீதக் கணக்கில் போவதால் மூன்று துண்டாக வாங்கினாலும் கூடுதல் செலவு இல்லை. காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை சந்தை திறந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வாங்கி முடிக்க வேண்டிய கட்டாயம் சிறிய முதலீட்டாளருக்கு மிக அரிதாகவே வரும்.

ஆனால் லிமிட் ஓர்டரும் இலவசமில்லை. விலை ஏறிக்கொண்டு போகிற நாளில் உங்கள் ஓர்டர் கீழே நின்றுவிடும், பங்கு கிடைக்காது. விலை சரிகிற நாளில் முழுதாகக் கிடைத்துவிடும். நல்லது நடக்கும்போது கையில் பங்கு இல்லை, கெட்டது நடக்கும்போது கைநிறையப் பங்கு. இந்தச் சாய்வு எந்தத் தனி ஓர்டரிலும் தெரியாது. ஒரு வருடத்து ஓர்டர்களைச் சேர்த்துப் பார்த்து, கிடைக்காமல் போனவை பிறகு எங்கே போயின என்று குறித்து வைத்தால்தான் புலப்படும். ஓடிப் போகும் விலையைத் துரத்தி லிமிட்டை உயர்த்திக்கொண்டே போவதும் மார்க்கெட் ஓர்டர் போடுவதும் முடிவில் ஒன்றுதான்.

விலை குறைந்த பங்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சதக் கணக்கில் பார்த்தால் மட்டும் தெரியும். அங்கே விலை 10 சதப் படியாகத்தான் நகரும். 50 ரூபாய்ப் பங்கில் 10 சதம் என்பது 0.2 வீதம். 5 ரூபாய்ப் பங்கில் அதே 10 சதம் 2 வீதம். வாங்குபவர் 4.90 இலும் விற்பவர் 5.00 இலும் நிற்கிறார்கள் என்றால், அதை விட நெருங்கி நிற்க அவர்களுக்கு இடமே கிடையாது. 5 ரூபாய்க்கு 10,000 பங்கு வாங்கினால் கட்டணத்தோடு 50,560. விலைகள் அசையாமல் நிற்க, மறுநாள் விற்றால் 4.90 இற்குத்தான் போகும், கட்டணம் கழிந்து 48,451 ரூபாய் வரும். 2,109 ரூபாய் அந்த இடத்திலேயே முடிந்தது. முதலைக் காப்பாற்ற வேண்டுமானால் வாங்குபவர் விலை 4.90 இலிருந்து 5.20 இற்கு வர வேண்டும். மூன்று படிதான் என்று கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அது 6 வீத ஏற்றம்.

“அண்ணை, 200 ரூபாய்ப் பங்கில ஐநூறு வாங்கவே ஒரு இலட்சம் வேணும். அஞ்சு ரூபாய்ப் பங்கெண்டா இருபதாயிரம் வாங்கலாம், பத்துச் சதம் ஏறினாலே இரண்டாயிரம்” என்று ஒரு தம்பி சொன்னபோது அவருடைய பெருக்கலில் பிழை இருக்கவில்லை. அந்தப் பத்துச் சதம் ஏறினாலும் அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான் நிரப்பும், கட்டணம் அப்போதும் பாக்கி நிற்கும் என்பது கணக்கில் சேரவில்லை. கையில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கை எதையும் தீர்மானிப்பதில்லை. விலையில் ஒரு படி எத்தனை வீதம் என்பதுதான் வாங்குமுன் பார்க்க வேண்டியது.

இப்போது இவற்றை ஒரு வருடத்துக்கு நீட்டிப் பார்க்கலாம். கணக்கில் 2 இலட்சம் ரூபாய். ஒரு தடவை வாங்கி விற்றால் கட்டணம் 2.24 வீதம். ஸ்லிப்பேஜுக்கு மேலே பார்த்த உதாரணத்தை எடுக்காமல், ஓரளவு நன்றாகக் கைமாறும் பங்கு என்று தாராளமாக 0.8 வீதம் மட்டும் வைப்போம். சேர்த்து 3.04 வீதம். வருடத்தில் ஒரே தடவை முழுப் பணத்தையும் வாங்கி விற்றால் செலவு 6,080 ரூபாய். மாதம் ஒரு தடவை என்றால், சந்தை ஏறவும் இறங்கவும் இல்லாமல் நின்றாலும், ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சிய தொகையில் மறுபடி 3.04 வீதம் கழிந்துகொண்டே போய் வருட முடிவில் கணக்கில் ஏறக்குறைய 1,38,000 ரூபாய் இருக்கும். மாதம் ஒரு சுற்று என்பது யாருக்கும் அதிகமாகத் தோன்றாது. நாள்தோறும் திரையைப் பார்ப்பவர்களுக்கு அது பொறுமையின் அடையாளமாகக் கூடத் தெரியும்.

இதே விடயத்தை இன்னொரு பக்கத்தால் பார்த்தால் இன்னும் கூர்மையாகத் தெரியும். பலர் ஒரு விதி வைத்திருப்பார்கள்: 5 வீதம் ஏறினால் விற்பேன், 5 வீதம் இறங்கினாலும் விற்றுவிடுவேன். செலவே இல்லாத உலகத்தில் பாதித் தடவை சரியாகச் சொன்னால் கணக்குச் சமன். செலவு 3 வீதம் என்றால் வெல்லும்போது கையில் நிற்பது 2 வீதம், தோற்கும்போது போவது 8 வீதம். ஒரு தோல்வியை ஈடுசெய்ய நான்கு வெற்றி வேண்டும். அதாவது நூற்றுக்கு எண்பது தடவை சரியாகச் சொன்னால்தான் முதல் அப்படியே இருக்கும். தொழிலாகவே இதைச் செய்பவர்களிடமும் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே 5 வீதத்துக்காக வாங்கி விற்கும் பழக்கம் இந்தக் கட்டண அமைப்பில் ஆரம்பத்திலேயே தோற்றுவிட்டது, எவ்வளவு படித்துப் பங்கைத் தெரிவு செய்தாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது என்பதே என் கருத்து.

இலக்கை அகலமாக்கினால் கணக்கு மாறுகிறது. 20 வீதம் ஏறினால் விற்பது, 20 வீதம் இறங்கினால் விற்பது என்று வைத்தால் வெற்றியில் 17, தோல்வியில் 23. நூற்றுக்கு 57, 58 தடவை சரியாக இருந்தால் போதும். அது கூட எளிதில்லை, ஆனால் மனிதர் எட்டக்கூடிய தூரம். இதற்கும் ஒரு விலை இருக்கிறது. தோற்றால் ஒரே தடவையில் போகும் தொகை பெரிது. 5 வீத விதியில் 2 இலட்சம் முழுவதையும் போட்டுத் தோற்றால் செலவோடு போவது 16,000. 20 வீத விதியில் அதே தொகைதான் போக வேண்டுமென்றால் ஒரு பங்கில் ஏறக்குறைய 70,000 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது. சிறிய தொகை, நீண்ட காலம், குறைவான தடவை என்று மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஆபத்துக் கூடும்.

இடையில் ஒரு சிறு விடயம். வாங்கிய பங்குக்கான பணத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காமல் தரகரின் கடனில் நிறுத்தினால் அதற்கு நாட்கணக்கில் வட்டி ஏறும். அது தனிப் பதிவாகக் கணக்கறிக்கையில் வரும், பலர் வாசிப்பதில்லை.

வரிக்கு வருவோம். “ஷெயருக்கு வரி இல்லைத்தானே” என்பது யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கும் வசனம். அதில் உண்மை இருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் மூலதன ஆதாயத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் அரசாங்கம் தன் பங்கை வேறு இரண்டு இடத்தில் எடுத்துக்கொள்கிறது.

முதலாவது, மேலே பார்த்த 0.3 வீதப் பங்குப் பரிவர்த்தனை அறவீடு. வாங்குபவரும் கொடுக்கிறார், விற்பவரும் கொடுக்கிறார், இலாபம் வந்ததா என்ற கேள்வி எழுவதில்லை. மூலதன ஆதாய வரி இருந்திருந்தால் நட்டப்பட்டவர் அதைக் கட்டத் தேவையில்லை. இந்த அறவீட்டை நட்டப்பட்டவரும் கட்டுகிறார். 2 இலட்சம் ரூபாயை மாதம் ஒரு தடவை வாங்கி விற்பவருடைய கணக்கு குறையாமல் நிற்கிறது என்று வைத்தால், வருடப் புரள்வு 48 இலட்சம். அதில் 0.3 வீதம் 14,400 ரூபாய். அதே 2 இலட்சத்தை 8 வீத நிலையான வைப்பில் போட்டிருந்தால் வட்டி 16,000. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் முற்பண வருமான வரியாகப் பிடிக்கிறார்கள், 1,600 போக மீதி 14,400. வைப்பில் போட்டவர் வருடம் முழுவதும் பெறும் தொகையை, வரியே இல்லை என்று நம்பிப் பங்கைப் புரட்டுபவர் அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கிறார். தரகரின் பங்கு இதில் சேரவில்லை.

இரண்டாவது, பங்கிலாபம். 2023 ஜனவரியில் இருந்து நிறுவனம் கொடுக்கும் பங்கிலாபத்தில் 15 வீதம் கழித்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு இது நேர்மையான, கணிக்கக்கூடிய வரி. 5 வீதப் பங்கிலாபம் என்றால் கையில் 4.25. பிரச்சினை வருவது பங்கிலாபத்தைப் பிடிக்க ஓடுபவருக்குத்தான். அறிவிப்பு வந்ததும் வாங்கி, உரித்து நீங்கும் நாளில், திரையில் எக்ஸ்.டி. என்று வரும் அந்த நாளில், விற்றுவிட்டால் பங்கிலாபம் சும்மா கிடைக்கும் என்று நினைக்கிறார்கள்.

100 ரூபாய்ப் பங்கு, பங்குக்கு 4 ரூபாய் பங்கிலாபம், 500 பங்கு என்று எடுப்போம். வாங்கச் செலவு 50,560. பங்கிலாபம் 2,000, வரி 300 போக 1,700 வருகிறது. உரித்து நீங்கும் நாளில் வாங்குபவருக்கு அந்த 4 ரூபாய் கிடைக்காது என்பதால் விலையும் ஏறக்குறைய அந்த அளவு இறங்கும். சில நாள் கூட இறங்கும், சில நாள் குறைய இறங்கும். சரியாக 4 ரூபாய் இறங்கி 96 இற்கு விற்றால் கட்டணம் கழிந்து 47,462 ரூபாய் 40 சதம். எல்லாம் சேர்த்து 49,162. போட்டது 50,560. பங்கிலாபத்தை வாங்கப் போய் 1,400 ரூபாய்க்குச் சற்றுக் குறையக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்த நட்டத்தில் விலை இறக்கத்துக்குப் பங்கில்லை, ஏனென்றால் இறங்கிய 2,000 ரூபாயும் பங்கிலாபமாகத் திரும்பியது. 300 ரூபாய் வரியும் 1,098 ரூபாய் கட்டணமுமே முழு நட்டமும்.

இந்தச் செலவுகள் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருப்பதற்குத் திரையும் ஒரு காரணம். இணையவழித் தளங்களின் பங்குப் பட்டியலில் கடைசியாகக் கைமாறிய விலையை வைத்துத்தான் பெறுமதியைப் போடுகிறார்கள். நமது ஆசிரியரின் 5,000 பங்குக்கு அது 24.00, அதாவது 1,20,000. அந்த விலையில் வாங்க அப்போது ஒருவரும் இல்லை. 23.80 இலும் அதற்குக் கீழேயும்தான் ஆட்கள் நிற்கிறார்கள். பச்சை நிறத்தில் தெரியும் இலாபம் விற்கப் போகும்போது சுருங்குவது இதனால்தான். சில தளங்களில் `B.E.S Price` என்று ஒரு நிரல் இருக்கும். கட்டணத்தை இரண்டு பக்கமும் சேர்த்து, எந்த விலைக்கு விற்றால் முதல் தேறும் என்று அது சொல்கிறது. சராசரி விலையைப் பார்க்கும் பழக்கத்தை விட்டு இந்த நிரலைப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணை ஒப்பிட வேண்டியது கடைசி விலையோடு அல்லாமல் வாங்குபவர் நிற்கும் விலையோடு, அதுவும் உங்களிடம் இருக்கும் அளவுக்கு அங்கே ஆள் நிற்கிறாரா என்று பார்த்து.

உங்கள் சொந்தக் கணக்கில் எவ்வளவு போகிறது என்று அறிய இரண்டு குறிப்புகள் போதும். ஒன்று, வருடத்து ஒப்பந்தச் சீட்டுகள் எல்லாவற்றிலும் உள்ள கட்டணத் தொகையைக் கூட்டி, அந்த வருடம் கணக்கில் சராசரியாக இருந்த தொகையால் வகுப்பது. 4 வீதத்துக்குள் வந்தால் நீங்கள் முழுப் பணத்தையும் வருடத்தில் இரண்டு தடவைக்குள் புரட்டியிருக்கிறீர்கள். 20 வீதத்தைத் தாண்டினால், எந்தப் பங்கு வாங்கினீர்கள் என்று ஆராயும் முன்பே ஏன் விற்றீர்கள் என்று ஒவ்வொரு விற்பனைக்கும் எதிரே எழுதிப் பாருங்கள். மற்றது, ஓர்டர் போட முடிவெடுத்த நிமிடத்தில் வாங்குபவர் விலையும் விற்பவர் விலையும் என்ன, அவற்றின் நடு எது என்று குறித்துவிட்டு, முடிவில் கிடைத்த சராசரி விலையோடு ஒப்பிடுவது. ஆசிரியரின் உதாரணத்தில் நடு விலை 23.90, கிடைத்தது 24.15, பங்குக்கு 25 சதம் இடைவெளி. தரகருக்குத் தொலைபேசியில் ஓர்டர் சொல்பவர்கள், அழைப்பு எடுத்த நேரத்து விலையை எழுத வேண்டும், அவர் ஓர்டர் போட்ட நேரத்து விலையை எழுதக்கூடாது. இடையில் போன நிமிடங்களும் செலவுதான்.

இருபது, முப்பது ஓர்டர்களுக்கு இப்படி எழுதிய பிறகு பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரிய வரும். இழப்பு எல்லாப் பங்குகளிலும் பரவியிருக்காது. குறைவாகக் கைமாறும் இரண்டு மூன்று பங்குகளிலும், செய்தி வந்த பரபரப்பில் போட்ட ஓர்டர்களிலும் குவிந்து கிடக்கும். அந்தப் பங்குகளில் நீங்கள் வாங்க நினைக்கும் அளவு, ஓர்டர் புத்தகத்தின் முதல் விலையில் நிற்கும் அளவைப் போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். மூன்று மடங்குக்கு மேலே போனால் ஒன்றில் ஓர்டரைச் சிறிதாக்க வேண்டும், அல்லது நாட்கணக்கில் பிரித்து வாங்க வேண்டும். விற்கும்போதும் அதே நாட்கள் தேவைப்படும் என்பதால், திடீரெனத் தேவைப்படக்கூடிய பணத்தை அந்தப் பங்கில் போடவே கூடாது.